பென்ஷன் நம்பர் ஒரு போனில், வாட்ஸ்அப் இன்னொரு போனில்

அப்பாவுக்கு ஒரு டச் போன் வாங்கித் தரலாம் என்று அண்ணனும் நானும் பேச ஆரம்பித்தபோது எந்த மாடல், என்ன விலை என்பதுதான் பேச்சாக இருந்தது. அவர் வேண்டாம் என்பார் என்று இருவருக்கும் தெரியும். ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேட்கத் தோன்றியது அண்ணிக்குத்தான்.

அப்பா பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவில் லஸ்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மன்னார்குடிப் பக்கம் வாய்க்கால் மதகுகளைத் திறப்பதும் மூடுவதுமாகவே காலம் போயிற்று. இயந்திரம் என்றால் பயப்படுகிற ஆள் இல்லை. வீட்டு மோட்டார் நின்றுபோனால் இன்றைக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பது அவர்தான். அதனால் "வயசானவங்களுக்கு டெக்னாலஜின்னா பயம்" என்று பொதுவாகச் சொல்வது அவருக்குப் பொருந்தவில்லை. அண்ணி கேட்டதற்கு அவர் சொன்னது இதுதான்: "ஏம்மா, என் பென்ஷன் வர்ற அக்கவுண்ட்டு இந்த நம்பர்லதான் இருக்கு. தெரியாம எதையாவது அமுக்கி காசு போச்சுன்னா யார்கிட்ட போய்க் கேக்குறது?"

இதற்கு ஒரு பின்னணி உண்டு. அவருடன் வேலை பார்த்த ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் வாகன அபராத ரசீது என்ற பெயரில் ஒரு கோப்பு வந்திருக்கிறது. அவர் அதைத் தொட்டார், போன் ஏதோ அனுமதி கேட்டது, கொடுத்தார். அது ரசீதே இல்லை. .apk என்று முடிகிற, போனில் தன்னை நிறுவிக்கொள்கிற செயலி. அதற்குக் கிடைத்த அனுமதியில் முக்கியமானது எஸ்எம்எஸ்களைப் படிக்கும் அனுமதி. வங்கியிலிருந்து வரும் ஓடிபி அந்தப் போனுக்கே வருவதால், வெளியே உட்கார்ந்திருப்பவன் அதைப் படித்துக் கணக்கைக் காலி செய்துவிட்டான். அப்பாவுக்கு இந்தத் தொழில்நுட்ப விவரமெல்லாம் தெரியாது. ஆனால் முடிவு சரியாகத்தான் இருந்தது. பணமும் ஓடிபியும் இருக்கிற இடத்திலேயே ஊர் பேர் தெரியாதவன் அனுப்பும் கோப்பும் வந்து விழுகிறது என்றால், அந்த இடத்தைக் கண்டு பயப்படுவதில் என்ன தப்பு?

எனவே அவருடைய பயத்தைப் பேசித் தீர்க்கிற வேலையை விட்டுவிட்டு, அந்தப் பயத்துக்கு இடமில்லாதபடி பரிசை அமைக்கலாம் என்று முடிவு செய்தோம்.

அமைப்பு எளிமையானதுதான். வங்கி, ஆதார், பென்ஷன், கேஸ் எல்லாவற்றிலும் கொடுத்திருக்கும் பழைய நம்பர் பழைய பட்டன் போனிலேயே இருக்கும். டச் போனுக்கு அப்பா பெயரில் புது சிம். அந்த நம்பரை எந்த வங்கியிலும் எந்த அலுவலகத்திலும் கொடுப்பதில்லை. யுபிஐ செயலிகள் முதன்முறை பதிவாகும்போது, வங்கியில் பதிந்த நம்பரின் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ்ஸைத் தாமாகவே அனுப்பித்தான் ஆளை உறுதி செய்துகொள்ளும். அந்த சிம் இந்தப் போனில் இல்லாதவரை, யார் முயன்றாலும் அப்பாவின் கணக்கை இதில் சேர்க்க முடியாது. ஓடிபியும் பட்டன் போனுக்குத்தான் போகும். திருட்டுச் செயலி ஒன்று எப்படியோ உள்ளே நுழைந்தாலும் அது படிப்பதற்கு வங்கியின் எஸ்எம்எஸ் எதுவும் அங்கே இருக்காது.

அண்ணன் இன்னும் சிக்கனமாக ஒரு வழி சொன்னார். டச் போனில் சிம்மே வேண்டாம், வீட்டு வைஃபையில் ஓடட்டும், வாட்ஸ்அப்பைப் பழைய நம்பரிலேயே பதிந்து, சரிபார்க்க வரும் எண்ணைப் பட்டன் போனில் பார்த்து அடித்துவிடலாம் என்றார். நெடுநாளாகப் பலர் இப்படிச் செய்துவந்தார்கள். ஆனால் 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை, வாட்ஸ்அப் போன்ற செயலிகள் பதிவான நம்பரின் சிம் அதே போனில் இருந்தால்தான் இயங்க வேண்டும் என்று அந்த நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. என்றைக்கோ ஒருநாள் நின்றுபோகும் ஏற்பாட்டை அப்பாவுக்குப் பழக்கிவிட எனக்கு மனமில்லை. தவிர, வங்கியில் இருக்கும் நம்பரே வாட்ஸ்அப்பிலும் ஊர் முழுக்கச் சுற்ற வேண்டாம்.

இரண்டு சிம் என்றால் இரண்டு ரீசார்ஜ். இதுதான் அப்பா கேட்ட அடுத்த கேள்வி. 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த திருத்தத்தால், டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் தரும் திட்டங்களை நிறுவனங்கள் தந்தாக வேண்டும். அவற்றின் கால அளவு 365 நாள் வரை இருக்கலாம். பட்டன் போனுக்கு அது போதும். கடையில் போய் "ரீசார்ஜ்" என்று பொதுவாகக் கேட்டால் டேட்டா பேக்கைத்தான் போடுவார்கள், "பேசறதுக்கு மட்டும்" என்று அழுத்திக் கேட்க வேண்டும். டச் போனில் வீட்டு வைஃபை இருப்பதால் சின்ன டேட்டா பேக்கே போதும். இரண்டின் கடைசித் தேதியும் என் காலண்டரில் இருக்கிறது. பென்ஷன் நம்பர் ரீசார்ஜ் இல்லாமல் கிடந்து, போய்விட்டால் அதைத் திரும்ப வாங்குவது பெரிய அலைச்சல்.

இனி எந்தப் போன் என்ற கேள்வி. கேமரா, ராம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, அழைப்பை எப்படி எடுப்பது என்பதை முதலில் பார்த்தோம். பட்டன் போனில் பச்சை பட்டனை அமுக்கினால் பேசலாம், சிவப்பை அமுக்கினால் வைத்துவிடலாம். டச் போனில் பச்சை வட்டத்தை இழுக்க வேண்டும். பழகியவர்களுக்கு அது ஒரு வேலையே இல்லை. காய்ப்பேறிய, ஈரம் குறைந்த விரலுக்கு அது பெரிய வேலை. இந்தத் திரைகள் விரலின் மின்கடத்தலை உணர்ந்துதான் வேலை செய்கின்றன. வயதானால் தோல் வறண்டுவிடும், கடத்தல் குறையும், தொட்டது பதிவாகாது. பதிவாகவில்லை என்றதும் அப்பா போன்றவர்கள் இன்னும் பலமாக, இன்னும் நீளமாக அமுக்குவார்கள். நீள அமுக்கலுக்குப் போனில் வேறு அர்த்தம். ஐகான் பெயர்ந்து வரும், அழிக்கவா என்று ஏதோ கேட்கும். "நான் ஒண்ணும் செய்யல, அதுவா என்னமோ ஆயிடுச்சு" என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதன் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது.

சாம்சங் போனை எடுத்ததற்கு இந்தக் காரணமே போதுமாக இருந்தது. அதன் போன் செயலியின் செட்டிங்ஸில் Answering and ending calls என்று ஒரு பகுதி உண்டு. அதில் ஒலியைக் கூட்டும் பட்டனை அமுக்கினால் அழைப்பை எடுக்கவும், பக்கவாட்டு பட்டனை அமுக்கினால் வைக்கவும் செய்துகொள்ளலாம். திரையைத் தொடவே வேண்டாம். அழைப்பவர் பெயரைப் போனே வாய்விட்டுச் சொல்லும்படியும் வைக்கலாம். ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டன் வசதி சாதாரண அழைப்புக்குத்தான். வாட்ஸ்அப் அழைப்பைத் திரையில்தான் எடுக்க வேண்டும். அதனால் அப்பாவுக்கு விரல் பயிற்சி என்று கொடுத்தது அந்த ஒன்றை மட்டும்தான்.

மற்ற மாற்றங்களையும் கடையிலிருந்து வந்த அன்றே, அப்பா கையில் கொடுப்பதற்கு முன்பே செய்துவிட்டேன். Settings, Display என்று போய் Easy mode போட்டால் எழுத்தும் ஐகானும் பெரிதாகும், நீள அமுக்கலுக்கான நேரமும் கூடும். அதே Display பகுதியில் Navigation bar போய், விரலால் தள்ளும் முறையை எடுத்துவிட்டு மூன்று பட்டன் முறையை வைத்தேன். எங்கே மாட்டிக்கொண்டாலும் நடுப் பட்டனை அமுக்கினால் முதல் திரைக்கு வந்துவிடலாம் என்ற ஒரு உறுதி அவருக்கு வேண்டும். முகப்புத் திரை செட்டிங்ஸில் Lock Home screen layout போட்டதும் ஐகான்கள் நகராது. அப்பாவைப் பொறுத்தவரை இது பெரிய விஷயம். நேற்று இருந்த இடத்தில் இன்றைக்கு மதகு இல்லை என்றால் எந்த லஸ்கருக்குத்தான் தலை சுற்றாது?

தடிமனான டெம்பர்டு கிளாஸை ஒட்டச் சொல்லிக் கடைக்காரர் வற்புறுத்துவார். வறண்ட விரலுக்கு அது இன்னும் கெடுதல். மெல்லியதாக ஒட்டி, Touch sensitivity வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுவது நல்லது. கைரேகைப் பூட்டை நான் முயற்சி செய்யவே இல்லை. ரேஷன் கடை இயந்திரத்தில் அப்பாவின் ரேகை விழாமல் மாதாமாதம் நடக்கும் கூத்து எங்கள் தெருவுக்கே தெரியும். நாலு இலக்கப் பின் வைத்தோம். அவருக்கு மறக்கவே மறக்காத, ஆனால் பிறந்த வருடம் இல்லாத ஒரு எண்.

கூகுள் கணக்கை அப்பா பெயரில் புதிதாகத் தொடங்கி, மீட்பதற்கான நம்பராகவும் மின்னஞ்சலாகவும் என்னுடையதைக் கொடுத்தேன். கார்டு விவரம் எதையும் சேர்க்கவில்லை. உறவினர் யாராவது தங்கள் பழைய போனைக் கொடுக்கிறேன் என்றால் இந்த இடத்தில்தான் எனக்குத் தயக்கம். அவர்களுடைய கணக்கு முழுசாக வெளியேறியிருக்காது, பாதுகாப்பு அப்டேட்டும் நின்றுபோயிருக்கும். சில மலிவான புதுப் போன்களும் பூட்டுத் திரையிலேயே விளம்பரப் படம் காட்டும். பயந்த மனிதருக்கு அதைவிட மோசமான பரிசு கிடையாது.

பூட்ட வேண்டிய வாசல்கள் சில உண்டு. அபராத ரசீது கதையில் வந்த வாசல், வாட்ஸ்அப்பில் வரும் கோப்பு செயலியாக நிறுவப்படுவது. செட்டிங்ஸில் Install unknown apps என்று தேடினால் ஒரு பட்டியல் வரும். வாட்ஸ்அப், குரோம், கோப்புகள் என எதற்கும் அந்த அனுமதி இருக்கக் கூடாது. சாம்சங்கில் Auto Blocker என்ற ஒன்றும் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால், அதிகாரபூர்வக் கடைக்கு வெளியிலிருந்து வரும் செயலிகளை அது நிறுத்திவிடும். வாட்ஸ்அப்பின் Privacy பகுதியில் Calls போய் Silence unknown callers போட்டேன். குழுக்களில் யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதை மாற்றி, தொடர்புப் பட்டியலில் இருப்பவர்கள் மட்டும் என்று வைத்தேன். இரண்டடுக்குச் சரிபார்ப்பு எண்ணையும் போட்டு, அதை என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அப்புறம் குரோம். ஏதாவது ஒரு செய்தித் தளத்தில் "அறிவிப்புகளை அனுமதிக்கவா" என்று கேட்கும்போது பெரியவர்கள் சரி என்று தொட்டுவிடுவார்கள். அடுத்த நாளிலிருந்து "உங்கள் போனில் வைரஸ்" என்று செய்தி வந்துகொண்டே இருக்கும். உண்மையில் வைரஸ் எதுவும் இருக்காது, அந்தச் செய்தியின் மேல் ஓரத்தில் குரோம் என்று பொடி எழுத்தில் இருப்பதைப் பார்த்தாலே தெரியும். குரோமின் Site settings போய் Notifications கேட்பதையே நிறுத்திவிட்டால் இந்தத் தொல்லை தொடங்காது.

இவ்வளவு செய்தும் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. புது நம்பர் என்று வாங்கினோமே தவிர, அது புது நம்பர் இல்லை. கைவிடப்பட்ட நம்பர்களைக் கொஞ்ச காலம் கழித்து நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். எங்களுக்கு வந்த நம்பரின் பழைய சொந்தக்காரர் எங்கோ கடன் வாங்கித் தவணை கட்டாதவர் போலிருக்கிறது. வசூல்காரர்கள் அப்பாவை அழைத்து, யாரோ ஒருவர் பெயரைச் சொல்லி அதட்ட ஆரம்பித்தார்கள். அப்பா போனை அணைத்து பீரோவில் வைத்துவிட்டார்.

நம்பரை மாற்றுவது ஒரு வழி. அடுத்த நம்பருக்கும் ஒரு பழைய சொந்தக்காரர் இருக்க மாட்டார் என்று யார் சொன்னது? அதனால் ஊருக்குப் போனபோது Do not disturb-ஐ நிரந்தரமாகப் போட்டு, அழைப்புகளில் Contacts only என்று தேர்ந்தெடுத்து, செயலிகளின் விதிவிலக்கில் வாட்ஸ்அப்பைச் சேர்த்தேன். இப்போது தொடர்புப் பட்டியலில் இருக்கும் சொந்தக்காரர்களும் இரண்டு நண்பர்களும் அழைத்தால் மட்டுமே மணி அடிக்கும். மற்றவர்கள் அழைத்தது பட்டியலில் சத்தமில்லாமல் பதிவாகும். வங்கி, ஆஸ்பத்திரி, கேஸ்காரர் எல்லாம் அழைப்பது பட்டன் போனுக்கு என்பதால் முக்கியமான அழைப்பு தவறிவிடுமோ என்ற கவலை இல்லை. ஒரே போன் வைத்திருப்பவருக்கு இதைச் செய்ய முடியாது.

இரண்டு போன் வைத்ததில் இன்னொரு லாபமும் கிடைத்தது. டச் போனில் சந்தேகம் வந்தால் அப்பா பட்டன் போனில் என்னை அழைப்பார். காதில் ஒன்று, கண் முன்னால் ஒன்று. ஒரே போனில் பேசிக்கொண்டே அதன் திரையைப் பார் என்றால், காதிலிருந்து எடுத்ததும் நான் சொல்வது கேட்காது. போனைக் கொடுக்கும் முன்பே அதன் ஒவ்வொரு திரையையும் என் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். "மேல வலது பக்கம் மூணு புள்ளி இருக்கா?" என்று நான் அந்தப் படத்தைப் பார்த்துக் கேட்பேன். தூரத்திலிருந்து திரையைப் பார்க்கும் செயலிகளை வேண்டுமென்றே போடவில்லை. இன்னொருவர் தன் திரையைப் பார்ப்பது சகஜம் என்று அவருக்குப் பழகிவிட்டால், நாளைக்கு வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்கிறவன் அதையே கேட்டாலும் சரி என்றுவிடுவார்.

துணைப் பொருட்களில் கனமான அடிப்பகுதி கொண்ட ஒரு ஸ்டாண்டுதான் நன்றாக உழைக்கிறது. 200 ரூபாய்க்குள் கிடைத்தது. அது வருவதற்கு முன் வீடியோ காலில் பேரன் பார்த்தது தாத்தாவின் நெற்றியையும் மின்விசிறியையும்தான். கை நடுங்காமல், இரண்டு கையும் சும்மா இருந்தால் பேச்சும் நீளமாகிறது. டச் போனின் சார்ஜர் முனை எப்படிச் செருகினாலும் போகும் டைப்-சி, பட்டன் போனுக்குப் பழைய சின்ன முனை. குழப்பம் வராமல் பட்டன் போன் சார்ஜரில் சிவப்பு டேப் சுற்றிவிட்டோம். அண்ணன் ஆசையாக வாங்கிய ஸ்மார்ட் வாட்ச் மட்டும் பெட்டியிலேயே இருக்கிறது. சார்ஜ் போட இன்னொரு பொருள், அதிர்ந்தால் என்ன அர்த்தம் என்று தெரியாத இன்னொரு பொருள். அப்பா அதைத் தொடாததில் எனக்கு ஆச்சரியமில்லை.

இந்த ஏற்பாடு தடுக்காத ஒன்றும் உண்டு. பட்டன் போனிலேயே ஒருவன் அழைத்து, வங்கி மேலாளர் என்றோ போலீஸ் என்றோ சொல்லி, வந்த ஓடிபியைப் படிக்கச் சொன்னால் எந்த செட்டிங்ஸும் காப்பாற்றாது. அதற்கு ஒரே ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பணம், வழக்கு, கைது, கார்டு என்ற பேச்சு வந்தால் அப்பா பதில் சொல்லாமல் வைத்துவிட்டு அண்ணனையோ என்னையோ அழைப்பார். மரியாதைக் குறைவாக இருக்குமே என்று முதலில் தயங்கினார். "உண்மையிலயே பேங்க்காரரா இருந்தா நேர்ல போய்ப் பாத்துக்கலாம்ப்பா" என்றதும் சமாதானமானார். அப்படியும் பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை, பட்டன் போனின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறோம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குப் போகாமல் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

இப்போது டீக்கடையிலும் பால்காரரிடமும் ஸ்கேன் அட்டையைப் பார்த்துவிட்டு, அதை மட்டும் கற்றுக்கொள்ளலாமா என்று அப்பாவே கேட்கிறார். பென்ஷன் கணக்கை இணைப்பதில்லை என்பதில் மாற்றமில்லை. புது நம்பரை வைத்து ஒரு தனிச் சேமிப்புக் கணக்கு தொடங்கி, அதில் 2,000 ரூபாய்க்கு மேல் வைக்காமல் பழகலாம் என்பது என் யோசனை. பென்ஷன் வரும் அதே வங்கியில் அந்தக் கணக்கைத் தொடங்கக் கூடாது. ஒரே வங்கியில் ஒருவரின் கணக்குகள் பொதுவாக ஒரே வாடிக்கையாளர் எண்ணின் கீழ் வந்துவிடும், அந்த எண்ணோடு இருக்கும் மொபைல் நம்பரும் ஒன்றுதான். பென்ஷன் கணக்கில் இருக்கும் நம்பரையும் வங்கி புது நம்பராக மாற்றிவிட்டு, யுபிஐயில் இரண்டு கணக்கையும் காட்டிவிட்டால் இத்தனை நாள் பிரித்து வைத்ததெல்லாம் வீண். தபால் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். தை பிறந்ததும் பார்க்கலாமாம்.